அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனில் கேட்டால் நீ "உம்" என்பாய், அப்புறம் "சரி" என்பாய், அப்புறம் லிஃப்ட் நின்றுவிட்டது, ஆள் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துவிடுவாய். நாட்டிலுள்ள லிஃப்ட் எல்லாம் நான் கூப்பிடும் நேரம் பார்த்துத்தான் நிற்கின்றன. அதனால் கடிதம்.

எங்கள் பதிப்பகம் ஒரு புத்தகம் கொண்டுவருகிறது. பள்ளி விடுமுறையில் வீடுகளில் எடுத்த பழைய புகைப்படங்கள், நூற்று இருபது. படப்பிரிவில் நான்தான் எல்லாவற்றுக்கும் குறிப்பு எழுதுகிறேன். தாத்தா வீட்டு வராந்தாவில் சித்தப்பா எடுத்த நம் படத்தைச் சும்மா தேர்வுக்கு வந்த படங்களின் பெட்டியில் போட்டுவைத்தேன். ஆசிரியர் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். முழுப் பக்கம்!

படத்தின் கீழே இரண்டரை வரிதான் இடம். யார், எந்த வரிசையில், எங்கே, எப்போது, எடுத்தது யார், இவ்வளவும் அதற்குள் அடங்க வேண்டும். குழந்தைகள் என்பதால் வீட்டில் கூப்பிட்ட பெயர்களை மட்டுமே போடுவது இந்தப் புத்தகத்தின் வழக்கம். நான் எழுதியிருப்பது இது:

"கோடை விடுமுறையில் தாத்தா வீட்டு வராந்தாவில் பேரப்பிள்ளைகள். அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்: பாப்பா, குண்டு, துறு. நிற்போர்: நாட்டாமை, இரட்டையர், உம்மு (முகம் தெளிவில்லை). படம்: சித்தப்பா."

நாட்டாமை யாரென்று உனக்கே தெரியும், பன்னிரண்டு வயதில் உங்கள் எல்லோரையும் ஆட்டிவைத்தவள். உம்முவும் யாரென்று தெரியும். உம்மணாமூஞ்சி என்று முழுசாகப் போடவில்லை, அதற்கு ஒரு நன்றி சொல்.

அச்சுக்குப் போகுமுன் படத்தில் இருப்பவர்களில் இரண்டு பேராவது வரிசையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இறந்தவர் இருந்தால் அவர் வீட்டார் போட வேண்டும். துறுவுக்காக அத்தையிடம் கேட்கப் போகிறேன். அவன் பெயர் அச்சில் வரப்போகிறது என்று சொன்னதற்கே போனில் அழுதுவிட்டாள். ஒன்பது வயதில் போனவன் பெயர் எந்தத் தாளில் அச்சாகியிருக்கும்?

படத்தின் நகலும் சரிபார்ப்புத் தாளும் இத்துடன் இருக்கின்றன. நன்றாகப் பார். எல்லாம் சரி என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

தாள் கிடைத்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் படம் இல்லாவிட்டால் உங்கள் புத்தகம் நின்றுவிடுமா? நூற்று இருபதில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? உன் விருப்பம். நான் சொல்லி நீ எதைக் கேட்டிருக்கிறாய்.

அத்தையிடம் ஏன் அவ்வளவு சீக்கிரம் சொன்னாய்? வேலை முடிந்தபின் சொல்லியிருக்கலாம்.

இங்கே வேலை அதிகம். பதினெட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கம்பிவடம் மாற்றுகிறோம். எனக்கு முழங்கால் வலி. மற்றபடி ஒன்றுமில்லை.

தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

கையெழுத்து வந்தது. நீ போட்ட வேகத்தைப் பார்த்தால் தாளைப் படித்த மாதிரியே தெரியவில்லை.

இனி நான் சொல்வதைப் பொறுமையாகக் கேள். குறிப்பு எழுதுகிறவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது படத்தின் பின்னால் ஏற்கனவே எழுதியிருப்பதைத்தான். எழுதியவர் யார், எப்போது எழுதினார், அவருக்கு யார் சொன்னது என்றெல்லாம் பார்க்க வேண்டும். அதனால்தான் பழைய பிரதியை விட்டுவிட்டுச் சித்தப்பாவின் பெட்டியிலிருந்து நெகட்டிவையே தேடி எடுத்தேன். ஒட்டிப்போன காகித உறைக்குள் ஆறு ஆறாக வெட்டிய துண்டுகள், ஓரத்தில் எண்கள். நம் படம் இருபத்துமூன்று.

முதலில், படம் இடம் வலம் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சடித்துவிட்டால் இடமிருந்து வலம் என்று எழுதுவதெல்லாம் தலைகீழாகிவிடும். சட்டைப்பை பையன்கள் எல்லோருக்கும் இடது மார்பில்தான் இருக்கிறது. சரியாகத்தான் இருக்கிறது.

பிறகு அதை ஸ்கேன் செய்து திரையில் முகம் முகமாகப் பெரிதாக்கினேன். கோடுபோட்ட சட்டை போட்டு வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பையனின் இடது கையைப் பார்த்தேன். ஆட்காட்டி விரலில் கட்டு போட்டிருக்கிறது. அந்தக் கோடையில் வாசல் கேட்டின் கீலில் விரலை நசுக்கிக்கொண்டவன் துறு இல்லை. இன்றைக்கும் அந்த நகம் கோணலாக இருப்பவன் யாரோ, அவன்.

பின்னால் தூணோரம் நிற்கிறவன் அசைந்துவிட்டான், முகம் இழுத்துவிட்ட மாதிரி இருக்கிறது. நிழலில் எடுத்தால் ஷட்டர் மெதுவாகத்தான் மூடும், தலை அசைந்தால் போச்சு. ஆனாலும் வாய் தெரிகிறது. முன்பல் ஒன்று இல்லை. உனக்கு அப்போது பல் எல்லாம் இருந்தது.

உன் கையெழுத்தோடு கூடிய தாள் என் மேஜையில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று நீயே சொல்.

நேற்று அத்தை வீட்டுக்குப் போனேன். கையெழுத்து வாங்கத்தான் போனேன். வாங்காமலே வந்துவிட்டேன். கூடத்தில் அந்தப் பெரிய படம் அப்படியே இருக்கிறது. வராந்தாப் படத்தில் பட்டாணி அளவு இருந்த முகத்தை மட்டும் ஸ்டூடியோக்காரர் பெரிதாக்கி, மங்கிய இடத்தில் எல்லாம் தூரிகையால் புருவமும் இமையும் தீட்டி, சட்டம் போட்டுக் கொடுத்தாரே, அது. துறுவுக்கு வேறு படமே கிடையாது. கைக்குழந்தையாக எடுத்த ஒன்று இருந்தது, அது மழையில் போய்விட்டது.

அத்தை நகலை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து, கோட்டுச் சட்டையின் மேல் விரலை வைத்தாள். சொன்னாள்:

"இங்க பாரு. எல்லாப் பிள்ளைங்களும் ஒரு மாதிரி இருக்கு, இவன் மட்டும் மூஞ்சிய எப்படி வெச்சிருக்கான் பாரு. வாசக் கேட்டுகிட்ட நின்னு, போகாதம்மா போகாதம்மான்னு என் கையப் பிடிச்சுகிட்டு அழுதான். எனக்கு லீவு இல்ல. பத்து நாள்தானடா, உன் மச்சான் மச்சினி எல்லாம் இருக்காங்களேன்னு விரலை ஒவ்வொண்ணா பிரிச்சுட்டு பஸ் ஏறினேன். அந்தப் பத்து நாளும் அவன் சிரிக்கவே இல்லடி. படம்தான் சொல்லுதே."

இதை அவள் என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. நாற்பத்தோரு வருடமாகத் தன்னிடமே சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ சொல்ல வேண்டும், தம்பி. அது நீதான் என்று நீ சொல்ல வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 25

அக்கா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

படத்தின் பின்னால் எழுதியவர் யார் என்று பார்க்க வேண்டுமாம். பென்சிலால், குண்டு குண்டாக எழுதியிருக்குமே, அது யார் கையெழுத்து? அதைப் பற்றி மட்டும் உன் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. விரல் கட்டைப் பெரிதாக்கிப் பார்க்கத் தெரிந்தவளுக்குத் தன் கையெழுத்து தெரியவில்லையா?

உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். எனக்கு எதுவும் மறக்கவில்லை.

தலையில் பேன் பிடித்து எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் மொட்டை அடித்தார்கள். முன்பே நானும் அவனும் ஒரே சாடை, தாத்தா மூக்கு. மொட்டைக்குப் பிறகு தாத்தாவுக்கு எங்களை அடையாளம் தெரிந்தது சட்டையால்தான். அவனுக்கு இருந்தது அத்தை தைத்த கோட்டுச் சட்டை, எனக்கு நீலம். அன்றைக்கு அவன் தபால்காரர் சைக்கிள் மணியைக் கழற்றிக் கோழிக்கூண்டில் கட்டிவிட்டான். தாத்தா கூப்பிட்டார்: "டேய் கோட்டுச் சட்டை! ரெண்டு பக்கம் கையெழுத்து எழுதி முடிக்காம வராந்தாவ விட்டு எந்திரிச்சே, தொலைச்சுடுவேன்." தண்டனை சட்டைக்குத்தான். சட்டைக்குள் யார் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது நீ. "உம்முவுக்குத்தான் எழுதப் பிடிக்குமே, மாத்திக்கோங்கடா" என்று ஸ்டோர் ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாய். வாசலில் இரட்டையர் காவல். பாப்பா யாரிடமும் சொல்லாமலிருக்க அவளுக்கு உன் ரிப்பனைக் கொடுத்தாய்.

அவன் என் நீலச் சட்டையில் மரத்தின் மேல். நான் அவன் சட்டையில் வராந்தாவில் உட்கார்ந்து, அவன் எழுத்து மாதிரியே கோணலாக இரண்டு பக்கம் எழுதினேன். முடிக்கும் நேரத்தில் சித்தப்பா கேமராவோடு வந்து, ஃபிலிமில் கடைசியாகக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, எல்லோரும் வாங்க என்றார். சட்டை மாற்ற நேரமில்லை. தாத்தா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். என் மூஞ்சி எப்படி இருக்கும்? பயம்!

நாலாம் நாள் பிரதி வந்தது. தாத்தா படத்தைப் பிடித்துக்கொண்டு, "இது யாரு, கோட்டுச் சட்டை, துறு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நீ பின்னால் எழுதினாய். எங்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே எழுதினாய். துறு வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினான். அவன் அப்போது நன்றாகத்தான் இருந்தான். காய்ச்சல் அதற்கு அடுத்த நாள்தான் வந்தது.

ஐந்து நாள் காய்ச்சல். அத்தை வந்தபோது அவனுக்கு நினைவு இல்லை, தலை முழுக்க ஈரத்துணி. மொட்டைத் தலையோடு அவன் முகத்தை அவள் சரியாகப் பார்க்கவே இல்லை. அது முடிந்து ஒரு மாதத்தில் தாத்தா அந்தப் படத்தை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய், பின்னால் இருக்கும் எழுத்தைக் காட்டி, இந்தப் பையன் முகத்தைப் பெரிதாக்கிக் கொடு என்று கேட்டார்.

அதைக் கூடத்தில் மாட்டிய அன்று நான் பார்த்தேன், என் முகத்தை. கீழே அத்தை உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் மாடிப்படியில் உன்னிடம் சொன்னேன், "அக்கா, அது நான்." நீ என் வாயைப் பொத்தினாய். "யார்கிட்டயாவது சொன்னே, அத்தை செத்துப்போயிடுவா" என்றாய். எனக்கு ஒன்பது வயது. நான் நம்பினேன்.

நான் ஏன் அத்தை வீட்டுக்குப் போவதில்லை என்று குடும்பமே கேட்கிறது. பதினைந்து வயதில் ஒருமுறை போனேன். என்னை அந்தப் படத்தின் கீழேயே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள். மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இருந்திருந்தா உன்ன மாதிரியே இருப்பான்" என்றாள். பாதிச் சோற்றில் கை கழுவ எழுந்தேன். அதற்கப்புறம் நான் அந்தப் படி ஏறவில்லை.

இப்போது நீ வந்து, நீ சொல்ல வேண்டும் என்கிறாய். பூட்டியது நீ. சாவியை என்னிடம் கேட்கிறாய்.

தாளைக் கிழித்துப் போடு, அல்லது அச்சடி. எனக்கு எழுதாதே.


மே 2

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நாட்டாமைப் புத்தி போகாது.

நீ எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. கண்ணடித்ததும் உண்மை. வாயைப் பொத்தியதும் உண்மை. உன் பல் என் உள்ளங்கையில் பட்டது எனக்கு இன்றுவரை நினைவிருக்கிறது.

முதல் கடிதத்தில் தெரியாதவள் மாதிரி எழுதினேன். நீயே "அக்கா, இது தப்பு" என்று எழுதுவாய், நான் திடுக்கிட்ட மாதிரி நடித்துத் திருத்திவிடலாம், யார் எழுதிய தப்பு என்ற பேச்சே வராது என்று கணக்குப் போட்டேன். ஐம்பத்துமூன்று வயதில் இப்படி ஒரு கோழைத்தனம். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பியதும்தான் எனக்கு உறைத்தது. என்னால்தான் நீ இன்னும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

இருபத்தெட்டு வருடமாக மற்றவர்கள் படத்துக்குக் குறிப்பு எழுதுகிறேன். ஒரு கல்யாணப் படத்தில் மாமனாரையும் தகப்பனாரையும் இடம் மாற்றிப் போட்டதற்காக ஒருவரை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன். கறாரான ஆள் என்று பெயர். நான் எழுதிய முதல் குறிப்பு எதுவென்று அவர்கள் யாருக்கும் தெரியாது.

தெரிந்தே தப்பாக எழுதினேன். விளையாட்டுக்குத்தான் எழுதினேன். ஒரு வாரம் கழித்துத் தாத்தாவிடம் சொல்லிச் சிரிக்கலாம், அதுதான் விளையாட்டின் முடிவு என்று வைத்திருந்தேன். அந்த ஒரு வாரத்தில் அவன் போய்விட்டான். அவன் போனபின் எப்படிச் சொல்வது? சிரித்துக்கொண்டு சொல்ல வேண்டியதை அழுதுகொண்டு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தைக்காக என்று உன்னிடம் சொன்னேன். எனக்காகத்தான்.

அத்தை செத்துப்போவாள் என்றேன். அவள் சாகவில்லை. அவன் அங்கே சந்தோஷமாக இல்லை என்று நினைத்து நினைத்து நாற்பத்தோரு வருடம் உயிரோடு இருந்தாள். அந்த முகம் அவளுக்கு என்ன செய்கிறது என்று எனக்கு இப்போதுதான் தெரியும், தம்பி. சத்தியமாக இதற்கு முன்னால் தெரியாது. துக்கம் என்று நினைத்தேன். அவள் தன்னைக் குற்றவாளியாக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கவில்லை.

உன் சரிபார்ப்புத் தாளைக் கிழித்துவிட்டேன். துண்டுகளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பக்கம் மே இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. படத்தையே எடுத்துவிடச் சொல்லலாம், ஆசிரியர் திட்டுவார், அவ்வளவுதான். ஆனால் அவன் பெயர் வரும் என்று அத்தை எண்ணிக்கொண்டிருக்கிறாள். தப்பான வரிசையோடு போடவும் என் கை வராது. அச்சாகிவிட்டால் ஆயிரத்து ஐந்நூறு பிரதி. அப்புறம் அதுதான் உண்மை.

அடுத்த வார ஞாயிறு நானே போய் அத்தையிடம் சொல்லிவிடுகிறேன். நீ வர வேண்டாம். என் தப்பு, நானே சொல்கிறேன்.

அக்கா


மே 6

அக்கா,

நீ போகாதே.

நீ சொன்னால் அவள் நம்பமாட்டாள். அவளைச் சமாதானப்படுத்த நீயாக ஒரு கதை கட்டியிருக்கிறாய் என்று நினைப்பாள். என் விரலை அவள் பார்க்க வேண்டும்.

அதோடு, அவன் ஏன் அசைந்தான் என்பது உனக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறேன். அந்த நெகட்டிவிலிருந்து அவன் முகத்தை மட்டும் எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி ஒரு பிரதி போட்டு அனுப்பு. தெளிவாக்குகிறேன் என்று எதையும் தீட்டாதே. இருக்கிறபடியே வேண்டும்.

தம்பி


மே 14

அக்கா,

போய்விட்டு வந்தேன்.

கதவைத் திறந்தவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மீட்டர் பார்க்க வந்த ஆள் என்று நினைத்து, வெளியே பெட்டி இருக்கிற பக்கம் கையைக் காட்டினாள். நான் "அத்தை" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் உட்காரவில்லை. பஸ்ஸில் ஆறு மணி நேரம் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. சுவரைக் காட்டி, "அத்தை, அது துறு இல்ல. அது நான்" என்றேன். விரலைக் காட்டினேன். முழுப் படத்தையும் பூதக்கண்ணாடியையும் அவள் முன்னால் வைத்தேன். பேன், மொட்டை, தபால்காரர் மணி, சட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் எழுதியது நீ என்பதையும் சொன்னேன். அதை மறைக்கவில்லை, மன்னித்துக்கொள்.

அவள் ரொம்ப நேரம் விரல் கட்டையே பார்த்தாள். பிறகு சொன்னாள், "ஃப்ரேம் வந்த அன்னைக்கே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. என் பிள்ளை முகத்துல இப்படி ஒரு இது கிடையாதேன்னு. மொட்டையால அப்படித் தெரியுதுன்னு நெனச்சுக்கிட்டேன். அப்பறம் நான் விட்டுட்டு வந்ததால அப்படி ஆயிட்டான்னு நெனச்சுக்கிட்டேன்."

நீ அனுப்பிய பிரதியைக் கொடுத்தேன். கலைந்த முகம்தான், தெரியும் உனக்கு. கண் இரண்டும் கோடாக இழுத்திருக்கிறது. அவள் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"என்னடா பண்றான்?"

"சிரிக்கிறான் அத்தை."

"சிரிக்கிறானா?"

"விழுந்து விழுந்து சிரிக்கிறான்."

"எதுக்கு?"

சொன்னேன். சித்தப்பா ஒன்று, இரண்டு என்று எண்ணும்போது, நான் தாத்தாவைப் பார்த்தபடி உதட்டை அசைக்காமல், பின்னால் நிற்கிறவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உன் கையெழுத்து மாதிரியே எழுதணும்னு ரெண்டு பக்கமும் காலால எழுதியிருக்கேன்டா" என்றேன். அதுதான் சங்கதி. மூன்று என்பதற்குள் அவன் வெடித்துவிட்டான். தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். நான் வாழ்க்கையில் அடித்த ஒரே ஜோக் அது. அதற்குச் சிரித்த ஒரே ஆள் அவன்.

"அழலையா அவன்? நான் போனப்பறம்?"

"அன்னைக்கு ராத்திரி மட்டும் அழுதான் அத்தை. மறுநாள் காலைல மரத்து மேல இருந்தான். எங்க எல்லாரையும் விட அவன்தான் அதிகம் ஆட்டம் போட்டான்."

அவள் சிரித்தாள், அக்கா. அந்தப் பிரதியை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அது அழுகையாக மாறியது. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். முட்டாள்.

அழுது முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. சாதாரணமாகக் கேட்டாள்.

"இது உனக்கு அன்னைக்கே தெரியும்ல?"

"தெரியும்."

"பதினஞ்சு வயசுல வந்து இங்க உக்காந்து சாப்பிட்டியே, அன்னைக்கும் தெரியும்."

"தெரியும் அத்தை."

"எம்பிள்ளை சிரிச்சுகிட்டுதான் இருந்தான்னு உனக்குத் தெரியும். நாப்பத்தோரு வருஷம் தெரியும்."

சின்னப்பிள்ளை, பயம், அக்கா சொன்னாள், எல்லாக் காரணமும் நாக்கு நுனியில் இருந்தது. ஒன்பது வயதுக்கு அதெல்லாம் சரி. இருபது வயதில் எனக்கு என்ன காரணம்? முப்பதில்? நாற்பதில்?

அவள் எழுந்து, ஸ்டூலைப் போட்டு, தானே ஏறினாள். நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். சட்டத்தைக் கழற்றித் தன் சேலைத் தலைப்பால் கண்ணாடியை ஒரு தடவை துடைத்தாள். பழக்கம். தினமும் துடைத்திருப்பாள். என்னிடம் கொடுத்தாள்.

"உன் மூஞ்சிய நீ எடுத்துட்டுப் போ."

சுவரில் அந்த இடம் மட்டும் சதுரமாக வெளுப்பாக இருந்தது. நான் வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். அவள் வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தேன். பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பையனா? என்ன ஆச்சு?" என்று பாவமாகக் கேட்டார். சந்தனப் பொட்டு வைத்த சட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் அது இறந்த பிள்ளை படம் என்று தெரிந்துவிடும். நான் அதைக் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

புதுத் தாள் அனுப்பு. வரிசையைச் சரியாகப் போடு, கையெழுத்துப் போடுகிறேன்.

தம்பி


மே 19

தம்பிக்கு,

நேற்று மாலை அத்தை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். என்னைத் திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன். திட்டவில்லை. "என்ன எழுதப்போறே, படி" என்றாள்.

திருத்தியதைப் படித்தேன். நிற்போர் வரிசையின் கடைசியில் துறு, அதோடு அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் படித்ததும் நிறுத்தச் சொன்னாள். "அதுக்கப்பறம் என்னமோ சொன்னியே, அது என்ன?" என்றாள். "முகம் தெளிவில்லை" என்று மறுபடி படித்தேன்.

"ஏன் தெளிவில்லைன்னு போடலையே."

அசைந்ததால் என்று போடலாம் அத்தை என்றேன்.

"எதுக்கு அசைஞ்சான்?"

எங்கள் தொழிலில் கண்ணுக்குத் தெரியாததை எழுதக்கூடாது. அந்த முகத்தைப் பார்த்து யாரும் சத்தியம் செய்ய முடியாது. அழுகிறான் என்று சொன்னாலும் அப்படித்தான் தெரியும். அப்படியானால் எழுதுவதற்கு ஒரே சாட்சி நீ. அத்தை அதைத்தான் சொன்னாள்: "பக்கத்துல இருந்தவன் சொன்னான்ல? அவன் சொன்னதப் போடு."

ஒரு வரி கூடுகிறது. ஆசிரியரிடம் போய் நின்றேன். காரணம் கேட்டார். நாற்பத்தோரு வருடத்துக்கு முன் நான் எழுதிய குறிப்பைப் பற்றி அவரிடம் சொன்னேன், முழுசாக. அவர் பேனாவை மூடி வைத்தார். அத்தையின் கையெழுத்துக்குப் பதில் அவள் போனில் சொன்னதையே ஏற்றுக்கொண்டார். பிறகு படத்தின் அடியில் அரை சென்டிமீட்டர் வெட்டி அந்த வரிக்கு இடம் கொடுத்தார்.

அத்தை உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்னையும் வரச் சொல்லவில்லை. புத்தகம் வந்ததும் தபாலில் அனுப்பினால் போதும் என்றாள். நான் இனி எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குப் போவேன் என்று தெரியவில்லை. நீயும் நானும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டாவது இருப்போம்.

நாளைக் காலையில் பக்கம் போகிறது. கடைசிப் படி இது. தபால் அதற்குள் வராது என்பதால் இதையும் புதுத் தாளையும் உன் போனுக்கும் படமெடுத்து அனுப்புகிறேன், கையெழுத்தையும் அப்படியே அனுப்பு. பார்த்துவிட்டு, தப்பிருந்தால் உடனே கூப்பிடு:

"கோடை விடுமுறையில் தாத்தா வீட்டு வராந்தாவில் பேரப்பிள்ளைகள். அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்: பாப்பா, குண்டு, உம்மு. நிற்போர்: நாட்டாமை, இரட்டையர், துறு. உம்முவும் துறுவும் சட்டை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். படம்: சித்தப்பா. துறுவின் முகம் தெளிவில்லை, சிரித்துக்கொண்டிருந்தான்."